திருப்பூர்ல டி-ஷர்ட் தைக்க குடுக்கப் போறீங்களா? முதல் சாம்பிள்ல இருந்து சீல் சாம்பிள் வரைக்கும் எதுல எத பாக்கணும்

சின்னதா ஒரு பிராண்ட் ஆரம்பிச்சு திருப்பூர்ல 300, 500 பீஸ்னு தைக்க குடுக்கற டிசைனர்களுக்காக இத எழுதறேன். டிசைன் காலேஜ்ல வரையறது, பேட்டர்ன் போடறது எல்லாம் சொல்லிக் குடுத்துடறாங்க, ஆனா யூனிட்ல இருந்து ஒரு கவர்ல பீஸ் வந்து "அப்ரூவல் குடுங்க மேடம், கட்டிங் போடணும்"னு போன் வரும்போது அந்த பீஸ்ல எத பாத்து ஓகே சொல்றதுன்னு யாரும் சொல்றதில்ல. நான் இத ஒவ்வொண்ணா கேட்டு, அலைஞ்சு, செலவு பண்ணி கத்துக்கிட்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

மொதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. ஒவ்வொரு சாம்பிளும் ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லத்தான் வருது. மொத மாதிரி பீஸான புரோட்டோ வரும்போது கலர் பத்தி சண்டை போடறதும், மொத்த பீஸையும் வெட்டறதுக்கு முன்னாடி கடைசியா தைச்சுக் காட்டற பிபி சாம்பிள் வரும்போது கழுத்து கொஞ்சம் அகலமா இருந்தா நல்லாருக்குமேன்னு யோசிக்கறதும் ரெண்டுமே காசும் நாளும் போற வேலை. அந்தந்த கேள்விக்கு பதில் கிடைச்சா மட்டும் அடுத்த கட்டத்துக்கு போங்க.

உதாரணத்துக்கு ஒரே பீஸ எடுத்துக்கலாம்: ஆண்களுக்கான ரவுண்ட் நெக் டி-ஷர்ட், காட்டன் சிங்கிள் ஜெர்சி 180 ஜிஎஸ்எம், கழுத்துல ரிப், நெஞ்சுல ஒரு பிரிண்ட், எஸ்ல இருந்து எக்ஸ்எல் வரைக்கும் நாலு சைஸ்.

1. சாம்பிள் கேக்கறதுக்கு முன்னாடி: பேப்பர் வேலை

வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பி "இதே மாதிரி வேணும்ணா"ன்னு ஆரம்பிக்காதீங்க. ஒரு டெக் பேக் வேணும், ரெண்டு மூணு பக்கம் இருந்தா போதும்: முன்பக்கம் பின்பக்கம் படம், துணி என்ன, ஜிஎஸ்எம் எவ்வளவு, எந்த இடத்துல எந்த தையல், லேபிள் எங்க, பிரிண்ட் எங்க, அப்புறம் அளவு சார்ட்.

அளவு சார்ட்ல நம்பர் மட்டும் எழுதினா பத்தாது, எங்கிருந்து எங்க அளக்கணும்னும் எழுதணும். "நெஞ்சு 52 செ.மீ"ன்னு நீங்க எழுதி, நீங்க அக்குள்ல இருந்து 2.5 செ.மீ கீழ டேப் வைக்க, அங்க மாஸ்டர் அக்குள்லயே வச்சு அளந்தா ரெண்டு பேரும் சரியா அளந்தும் அளவு ஒத்துப் போகாது. உயரம்னா கழுத்தும் தோளும் சேர்ற மேல் முனையில இருந்து நேரா கீழ மடிப்பு வரைக்கும்னு எழுதுங்க. பக்கத்துலயே எவ்வளவு கூட கொறைய ஏத்துப்பீங்கன்னும் போடுங்க, நெஞ்சுக்கும் உயரத்துக்கும் ஒரு செ.மீ, கழுத்து மாதிரி சின்ன அளவுகளுக்கு அர செ.மீ. அதோட "இந்த அளவு துவைக்கறதுக்கு முன்னாடியா, துவைச்சப்புறமா"ங்கறத கண்டிப்பா எழுதுங்க. பாதி பிரச்சினை இந்த ஒரு வரி இல்லாததால வருது, மூணாவது கட்டத்துல ஏன்னு சொல்றேன்.

செலவு பேசறதும் இப்பவே. சாம்பிள் பீஸுக்கு பல்க் விலையப் போல ரெண்டு மூணு மடங்கு கேக்கறது வழக்கம், அது நியாயம்தான், ஒரு பீஸுக்காக பேட்டர்ன் போட்டு, துணி தேடி, நல்ல டெய்லர உக்கார வைக்கறாங்க. ஆனா பிரிண்டுக்கு ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் சார்ஜ் தனியா வரும், சாம்பிள் துணிய தனியா டையிங் போட்டா அதுக்கு தனி, கூரியர் தனி. ஆர்டர் உறுதியானா சாம்பிள் காசு கழிப்பாங்களா, எத்தன சாம்பிள் வரைக்கும் இந்த விலைன்னு ஒரு மெயில்ல வாங்கி வச்சுக்கங்க.

2. புரோட்டோ: ஐடியா துணியில நிக்குதா?

இது பெரும்பாலும் கையில இருக்கற துணியில, எந்தக் கலர் கிடைக்குதோ அதுல, எம் சைஸ்ல ஒரு பீஸ் வரும். ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இதுல பாக்க வேண்டியது வடிவம் மட்டும்தான்: தோள் எங்க விழுது, கை நீளம் கண்ணுக்கு சரியா இருக்கா, ரிப் அகலம் 2 செ.மீ நல்லாருக்கா 2.5 நல்லாருக்கா, பிரிண்ட் எந்த இடத்துல உக்காருது. பிரிண்ட் இல்லன்னா பேப்பர்ல ஒரிஜினல் சைஸ்ல வெட்டி ஊசி குத்தி வச்சு பாருங்க.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. கலர் எதுவானாலும் பரவால்ல, துணி ரகமும் ஜிஎஸ்எம்மும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். 180க்கு பதிலா 140ல தைச்சா அது வேற மாதிரி விழும், அத பாத்து நீங்க தோள மாத்துவீங்க, அப்புறம் ஒரிஜினல் துணி வந்ததும் மறுபடி மாத்துவீங்க.

இந்த நேரத்துலயே லேப் டிப், அதாவது உங்க கலர்ல சாயம் போட்ட சின்ன துணித் துண்டு, கேட்டுருங்க, ஏன்னா அதுக்கு நாள் பிடிக்கும், சாம்பிள் ஒரு பக்கம் ஓடும்போது கலர் இன்னொரு பக்கம் ஓடணும். டையிங்ல இருந்து ஒரு கலருக்கு ஏ, பி, சின்னு மூணு துண்டு அனுப்புவாங்க, நீங்க ஒண்ண தேர்ந்தெடுத்து கையெழுத்து போட்டு பாதிய வச்சுக்கிட்டு பாதிய அனுப்பணும். ஜன்னல் வெளிச்சத்துலயும் பாருங்க, டியூப் லைட் வெளிச்சத்துலயும் பாருங்க, ஒரு வெளிச்சத்துல ஒத்துப் போற கலர் இன்னொண்ணுல விலகும். யூனிட்ல லைட் பாக்ஸ் இருந்தா பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 ரெண்டும் போட்டு காட்ட சொல்லுங்க. அதோட பாடி துணிக்கும் ரிப்புக்கும் தனித்தனியா கேளுங்க. ரெண்டும் வேற வேற பின்னல், ஒரே சாயத்துல போட்டாலும் ஒரே மாதிரி எடுக்கணும்னு இல்ல, கருநீலத்துலயும் மெரூன்லயும் கழுத்து மட்டும் தனியா தெரியும்.

3. ஃபிட் சாம்பிள்: ஒரு ஆள் போட்டு துவைச்சா என்ன ஆகுது?

நிட் துணியில எல்லாமே இங்கதான் முடிவாகுது, அதனால இதுக்கு நேரம் குடுங்க. ஒரு பீஸ் கேக்காதீங்க, குறைஞ்சது ரெண்டு கேளுங்க, ஒண்ணு துவைக்க, ஒண்ணு அப்படியே வைக்க. துணி ஒரிஜினல் ஜிஎஸ்எம்மா, உங்க பல்க் துணிக்கு என்ன ஃபினிஷிங் குடுப்பாங்களோ அதே ஃபினிஷிங்கோட இருக்கணும்.

பீஸ் வந்ததும் கவர்ல இருந்து எடுத்த உடனே அளக்காதீங்க. மேசையில தட்டையா விரிச்சு சில மணி நேரம் விடுங்க, அயர்ன்ல இழுபட்டது ஓரளவு திரும்பட்டும். அப்புறம் சார்ட்ல இருக்கற ஒவ்வொரு இடத்தையும் இழுக்காம அளந்து எழுதுங்க. அடுத்து துவைங்க, லேபிள்ல என்ன போடப் போறீங்களோ அதே மாதிரி, மெஷின்னா மெஷின், மூணு தடவ துவைச்சு காய வச்சு மறுபடி அதே இடங்கள அளங்க.

நம்ம எம் சைஸுக்கு சார்ட்ல உயரம் 71, நெஞ்சு 52னு வச்சுக்கலாம். வந்த பீஸ்ல உயரம் 72, நெஞ்சு 52. ஒரு செ.மீ கூட, ஏத்துக்கற எல்லைக்குள்ளதான், பாஸ். துவைச்சப்புறம் உயரம் 68, நெஞ்சு 51.5. 72ல 4 போயிருக்கு, அதாவது 5.5 சதவீதத்துக்கு மேல சுருங்கிருக்கு, நிட்டுக்கு பொதுவா 5 வரைக்கும்தான் ஒத்துக்கறாங்க. வாங்கினவர் கையில மூணு வாரத்துல சட்டை இடுப்புக்கு மேல ஏறி நிக்கும், அகலம் மட்டும் அப்படியே இருக்கும், அதனால பாக்கறதுக்கு கட்டையா தெரியும்.

இத மாஸ்டர்ட்ட சொன்னா "அளவு கரெக்டா தாங்க தைச்சிருக்கு, துணி தான் இழுக்குது"ம்பார். அவர் சொல்றது உண்மைதான். டையிங், டிரையிங் முடிஞ்சு வர்றப்போ துணி நீளவாக்குல இழுபட்டு வருது, அத காம்பேக்டிங்ல நல்லா அமுக்கி நீளத்த திருப்பிக் குடுக்கணும். காம்பேக்டிங் சரியா போடலன்னா நீளம் கூட வரும், அதே கிலோவுல ரெண்டு பீஸ் அதிகமா வெட்டலாம், ஆனா அந்த நீளம் உங்க கஸ்டமர் வாஷிங் மெஷின்ல போயிரும். இதுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு. துவைக்காத துணியில வட்ட கட்டர் வச்சு வெட்டி எடை பாருங்க. அந்த வட்டம் 100 சதுர செ.மீ, கிராம்ல வர்ற எடைய நூறால பெருக்கினா ஜிஎஸ்எம். 1.68 கிராம் வந்தா 168. நீங்க கேட்டது 180, 5 சதவீதம் கூட கொறைய விட்டாலும் 171க்கு கீழ போகக் கூடாது. ஜிஎஸ்எம் கம்மி, சுருக்கம் ஜாஸ்தின்னு ரெண்டும் சேர்ந்து வந்தா துணி இழுபட்டிருக்குன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிரலாம்.

இந்த இடத்துல வர்ற பெரிய பொறி என்னன்னா, "பேட்டர்ன்ல 3 செ.மீ கூட்டிக்கறோம் மேடம்"னு சொல்லுவாங்க. கேக்க சுலபமா இருக்கும். ஆனா அப்படி செஞ்சா கடையில தொங்கறப்போ சட்டை நீளமா இருக்கும், ரோலுக்கு ரோல் சுருக்கம் மாறினா ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு உயரத்துல நிக்கும். முதல்ல துணிய சரி பண்ண சொல்லுங்க, சுருக்கம் 5க்குள்ள வந்தப்புறம் மிச்சத்துக்கு பேட்டர்ன்ல இடம் விடலாம்.

துவைச்ச பீஸ்லயே இன்னொண்ணு பாருங்க, சைடு தையல் முறுக்கிட்டு முன்பக்கம் வருதான்னு. சிங்கிள் ஜெர்சியில நூலோட முறுக்கு துவைக்கறப்போ அவிழப் பாக்கும், பின்னல் சாஞ்சுக்கும், தையல் அதோட சேர்ந்து நகரும். அக்குள்ல இருந்து கீழ வரைக்கும் 45 செ.மீ, கீழ தையல் 3 செ.மீ நகர்ந்திருந்தா அது 6.7 சதவீதம். இதுக்கும் 5 தான் வழக்கமான எல்லை, அதாவது 2.25 செ.மீக்குள்ள இருக்கணும். இதையும் தையல்ல திருத்த முடியாது, நூலுலயும் ஃபினிஷிங்லயும்தான் திருத்தணும், அதனாலதான் பல்க் துணி போடறதுக்கு முன்னாடியே தெரியணும்ங்கறேன்.

கழுத்த இழுத்து பாக்கவும் மறக்காதீங்க. ரெண்டு கையாலயும் முழுசா இழுத்து அகலத்த அளந்து ரெண்டால பெருக்குங்க, பெரியவங்க டி-ஷர்ட்டுக்கு 60 செ.மீக்கு கம்மியா இருந்தா தலை சிரமப்பட்டுதான் நுழையும். இழுக்கறப்போ "டப்"னு நூல் அறுந்தா கழுத்து அளவு சரியா இருந்தாலும் தையல் நூலோட டென்ஷன் தப்பு. இழுத்து விட்டப்புறம் ரிப் திரும்பி பழைய அளவுக்கு வரணும், வராம அலை அலையா நின்னா ரிப் நீளம் அதிகம், இல்லன்னா ரிப்ல ஸ்பான்டெக்ஸ் பத்தல.

கடைசியா ஒரு ஆளுக்கு போட்டு விட்டு கைய மேல தூக்க சொல்லுங்க, உக்கார சொல்லுங்க, முன்னாடி பின்னாடி பக்கவாட்டுல போட்டோ எடுங்க. எல்லாத்தையும் கமெண்ட் ஷீட்டுல எழுதி அனுப்புங்க, "கழுத்து சரியில்ல"ன்னு எழுதாதீங்க, "முன் கழுத்து ஆழம் 9.5 வந்திருக்கு, 8.5 ஆக்கவும்"னு எழுதுங்க. போன்ல பேசினாலும் பேசி முடிச்சு அதையே எழுதி அனுப்பிருங்க. மாத்தம் பெரிசா இருந்தா இன்னொரு ஃபிட் சாம்பிள் கேளுங்க, அதுக்கு இன்னொரு வாரம் போனாலும் பரவால்ல.

4. சைஸ் செட்: எம்ல சரியா இருந்தது எக்ஸ்எல்லயும் சரியா இருக்கா?

நாலு சைஸும் ஒவ்வொண்ணு வாங்குங்க, செலவ குறைக்கணும்னா எஸ்ஸும் எக்ஸ்எல்லும் மட்டுமாவது வாங்குங்க, ஏன்னா தப்பு இருந்தா ரெண்டு ஓரத்துலதான் பெரிசா தெரியும். நெஞ்சு 49.5, 52, 54.5, 57னு சீரா ஏறுதான்னு ஒண்ணு மேல ஒண்ணு வச்சாலே தெரியும். கழுத்து மட்டும் அதே வேகத்துல ஏறக் கூடாது, உடம்பு பெருத்த அளவுக்கு கழுத்து பெருக்கறதில்ல, அப்படி ஏத்திட்டா எக்ஸ்எல்ல கழுத்து தோள் வரைக்கும் திறந்து கெடக்கும். பிரிண்ட் எல்லா சைஸுக்கும் ஒரே ஸ்கிரீன்னா 30 செ.மீ அகல பிரிண்ட் எஸ்ல அக்குள் பக்கம் மடியுதான்னு ஒரு ஆளுக்கு போட்டு பாருங்க, மடிஞ்சா சின்ன ஸ்கிரீன் ஒண்ணு தனியா போடணும், அந்த செலவ இப்பவே கணக்குல சேர்த்துக்கங்க.

பிரிண்ட்ட துணியில அடிச்சுக் காட்டற ஸ்ட்ரைக் ஆஃபையும் இதே நேரத்துல முடிச்சுருங்க. உங்க கலர் துணியிலயே அடிச்சு கேளுங்க, வெள்ளைத் துணியில அடிச்சது கருநீலத்துக்கு ஆதாரம் ஆகாது. வந்ததும் ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுங்க, பிளாஸ்டிசால் இங்க் சூட்டுல சரியா வேகலன்னா வெடிப்பு விடும், துவைச்சா உதிரும்.

5. பிபி சாம்பிள்: லைன்ல இதே மாதிரி வருமா?

இதுவரைக்கும் தைச்சது சாம்பிள் ரூம்ல, யூனிட்லயே நல்ல கை இருக்கற டெய்லர் நிதானமா தைச்சது. பிபிய அங்க தைக்கக் கூடாது, உங்க 500 பீஸ எந்த லைன் தைக்கப் போகுதோ அந்த ஓவர்லாக் மெஷின், மடிப்பு தைக்கற அந்த பேட்லாக் மெஷின், அந்த ஆளுங்கதான் தைக்கணும். துணி பல்க் துணி, நூல், லேபிள், பிரிண்ட், பாலிபேக் எல்லாமே ஒரிஜினல். "வாஷ்கேர் லேபிள் இன்னும் வரல, அது மட்டும் அப்புறம்"னு வந்தா அது பிபி இல்ல. லேபிள் கழுத்துல குத்துதான்னு லேபிள் இல்லாம எப்படி பாக்கறது?

பல்க் துணி வந்ததும் ஒவ்வொரு ரோல்ல இருந்தும் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி ரோல் நம்பர் எழுதி அனுப்ப சொல்லுங்க, அத வரிசையா வச்சு லேப் டிப்போட ஒப்பிட்டா எந்த ரோல் விலகுதுன்னு தெரியும். அதுல ஜிஎஸ்எம் மறுபடி பாருங்க, சுருக்கம் மறுபடி பாருங்க. ஃபிட்ல பாத்தாச்சேன்னு விட்டுராதீங்க, அது பத்து கிலோ துணி, இது வேற லாட்.

தையல்ல ஒரு அங்குலத்துக்கு 10ல இருந்து 12 தையல் இருக்கான்னு எண்ணுங்க. தையல் ஓரத்த லேசா இழுத்து வெளிச்சத்துல பிடிங்க, பொடிப் பொடியா ஓட்டை தெரிஞ்சா ஊசி துணிய வெட்டுது, முனை உருண்ட ஊசி மாத்தணும், இல்லன்னா ரெண்டு துவைப்புல அது பெருசாகும். கீழ மடிப்பு பேட்லாக் உள்பக்கம் துணி ஓரத்த முழுசா மூடியிருக்கான்னு திருப்பி பாருங்க.

இங்க இருக்கற பொறிதான் காசு போற பொறி. பிபி உங்க கைக்கு வரும்போதே "கட்டிங் போட்டாச்சுங்க, டேட் நெருங்குது"ன்னு சொல்லுவாங்க. வெட்டின துணிய ஒட்ட முடியாது, நீங்க எத சொன்னாலும் அப்புறம் தள்ளுபடி பத்தின பேச்சாதான் போகும். அதனால பிபி எழுத்துல அப்ரூவ் ஆகாம கட்டிங் கிடையாதுன்னு ஆர்டர் பேப்பர்லயே ஒரு வரி போடுங்க, அதுக்கு ஈடா நீங்களும் பிபி கைக்கு வந்து ரெண்டு நாளுக்குள்ள பதில் சொல்லிருங்க. நீங்க ஒரு வாரம் இழுத்தா லைன் சும்மா நிக்குது, அவங்க வேற ஆர்டர ஏத்துவாங்க, உங்களுது பின்னாடி போயிரும்.

6. சீல் சாம்பிள்: நாளைக்கு தகராறு வந்தா எத காட்டுவீங்க?

அப்ரூவ் ஆன பிபிதான் சீல் ஆகும், அதனால பிபி கேக்கும்போதே நாலு பீஸா கேளுங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு யூனிட் லைன்ல, ஒண்ணு செக்கிங் பண்றவர்கிட்ட, நாலாவது துவைச்சு வைக்க. துவைச்ச பீஸையும் சேர்த்து வைக்கறவங்க கம்மி, ஆனா சுருக்கம், முறுக்கல், பிரிண்ட் வெடிப்பு பத்தின புகார் எல்லாம் துவைச்சப்புறம்தான வரும்.

டேக்ல ஸ்டைல் நம்பர், சைஸ், கலர், துணி, ஜிஎஸ்எம், தேதி, ரெண்டு பக்க கையெழுத்து இருக்கணும். நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீல் வாங்கி டேக்கையும் பீஸையும் சேர்த்து தையல் வழியா கோத்து பூட்டுங்க, நம்பர மெயில்ல எழுதி போட்டோவோட அனுப்புங்க. வெறும் ஊசி நூல்ல கட்டின டேக்க யாரும் கழட்டி வேற பீஸ்ல மாட்டலாம்.

சீல் பண்றதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ முழு சார்ட்டையும் அளங்க. ஏன்னா சீல் பீஸ்ல உயரம் 69.5 இருந்து நீங்க கையெழுத்து போட்டுட்டா, பல்க் 69.5ல வந்தா "சீல் மாதிரிதான மேடம் இருக்கு"ன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு. சின்ன குறை இருந்து திரும்ப தைக்க நேரம் இல்லன்னா டேக்லயே எழுதுங்க: "லேபிள் 1 செ.மீ இடப்பக்கம் போயிருக்கு, பல்க்ல நடுவுல வரணும், மத்ததெல்லாம் இதே மாதிரி". அளவுக்கு சார்ட்தான் கடைசி வார்த்தை, தையலுக்கும் தோற்றத்துக்கும் சீல் பீஸ்தான் கடைசி வார்த்தைன்னும் ஒரு வரி சேருங்க, ரெண்டும் முரண்பட்டா எதுன்னு அப்புறம் பேச வேண்டியதில்ல.

பீஸ ஹேங்கர்ல மாட்டாதீங்க, நிட் தன் எடைக்கே நீளும். மடிச்சு கருப்பு கவர்ல போட்டு வெயில் படாத இடத்துல வைங்க. கலருக்கு மட்டும் தனியா ஒரு துணித் துண்டு வைங்க, லைன்ல எல்லார் கையும் பட்ட பீஸ் ரெண்டு வாரத்துல கலர் ஆதாரமா நிக்காது.

7. மொத்தம் எவ்வளவு நாள்?

புரோட்டோவுக்கு பத்து நாள், ஃபிட்டுக்கு ஒண்ணு ரெண்டு வாரம், சைஸ் செட்டுக்கு ஒரு வாரம், பல்க் துணி நிட்டிங் டையிங் முடிஞ்சு வர ரெண்டுல இருந்து மூணு வாரம், பிபிக்கு ஒரு வாரம். எல்லாம் சரியா போனா சீல் வரைக்கும் ஏழு எட்டு வாரம், ஒரு தடவ திருத்தம் வந்தா பத்து. சைஸ் செட் ஓடும்போதே நூல் புக் பண்ணலாம், ஆனா ஃபிட் பீஸ் துவைச்சு முடிவு தெரியாம டையிங் போட சொல்லாதீங்க.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னாடி ரெண்டு வாரம், பின்னாடி ஒண்ணு ரெண்டு வாரம் கணக்குல சேர்க்காதீங்க, முன்னாடி எல்லா யூனிட்லயும் பெரிய ஆர்டர் நெருக்கும், பின்னாடி வெளியூர் டெய்லருங்க ஊர்ல இருந்து திரும்ப நாள் ஆகும். அந்த நேரத்துல வர்ற பிபி சாம்பிள் எந்த லைன்ல தைச்சதுன்னு நேர்ல போயோ வீடியோ கால்லயோ பாத்துக்கங்க.

சரக்கு வந்து இறங்கின உடனே சீல் பீஸ தூக்கி யாருக்கும் குடுத்துராதீங்க, குறைஞ்சது ஒரு சீசன் முழுக்க வச்சிருங்க. ரீ-ஆர்டர் குடுக்கறப்போ அதே டேக் நம்பர குறிப்பிட்டு குடுத்தா புரோட்டோவும் ஃபிட்டும் தேவையில்ல, ஆனா துணி புது லாட்ங்கறதால பிபியும் துவைச்சு பாக்கறதும் மறுபடி உண்டு.